ஒரு வீடு, மூன்று வயது, ஒரே வெயில்

பரீட்சை முடிந்து புத்தகப் பையைப் பரண்மேல் ஏற்றிய மூன்றாவது நாள் அந்தக் கேள்வி வந்துவிடும். "இப்ப என்ன பண்றது?" தில்லியில் மே மாதம் காலை பத்து மணிக்கே தெருவில் நாய் கூட நடமாடாது. அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகளை எட்டு மணி நேரம் அடைத்து வைத்தால், ஒன்று டி.வி., இல்லையேல் செல்போன், அதுவும் இல்லையேல் அடிதடி.

கோடை முகாமுக்கு அனுப்பலாமே என்பார்கள். என் வீட்டுச் சிக்கல் வேறு. மூன்று பிள்ளைகள், வயது நான்கு, எட்டு, பன்னிரண்டு. பெரியவனுக்குப் பிடித்தது சின்னவளுக்குப் புரியாது. சின்னவள் விளையாட்டில் பெரியவனை உட்கார வைத்தால் அரை மணியில் எதையாவது உடைப்பான். பல வீடுகளில் இதே கதைதான். எனவே ஒரே சாமானை வைத்துக்கொண்டு மூன்று வயதுக்கும் மூன்று வேலை கொடுக்க முடியுமா என்று யோசித்தேன். அந்தச் சாமான், வெளியே போகவிடாமல் நம்மை அடைத்து வைத்திருக்கும் அதே வெயில்.

நாள் இப்படிச் சுழலும். காலை ஏழு மணிக்கு எல்லோரும் மொட்டை மாடியில். பத்து மணிக்கு நடுப்பிள்ளையின் படம் வெயிலுக்குப் போகும். பிறகு மின்விசிறிக்கு அடியில் சின்னவளின் மாவு வேலை. பன்னிரண்டு மணியையொட்டிப் பெரியவனின் குச்சி. இரண்டு மணிக்குப் படம் உள்ளே வரும். மாலை ஐந்துக்கு மறுபடி எல்லோரும் மாடியில். யாருடைய முறையோ அவர்தான் முதலாளி, மற்றவர்கள் கையாள்.

தேவையான பொருட்கள்

நான்கு, ஐந்து வயதுக்கு: சாக்பீஸ், மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், எண்ணெய் ஒரு ஸ்பூன், தண்ணீர்.

ஏழு முதல் ஒன்பது வயதுக்கு: மஞ்சள் தூள் இரண்டு ஸ்பூன், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் அரை கப், வழவழப்பில்லாத தடித்த வரைதாள், அகலமான பிரஷ், பழைய போட்டோ பிரேமின் கண்ணாடி, அதே அளவு அட்டை, நான்கு கிளிப், சமையல் சோடா, சில இலைகள்.

பத்து வயதுக்கு மேல்: ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள நேரான மெல்லிய குச்சி அல்லது கம்பி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதை நிரப்ப மணல், நூல், ஒரு கனமான நட்டு, அளவு நாடா, சரியான நேரம் காட்டும் கடிகாரம், அட்லஸ்.

சின்னவளிலிருந்து தொடங்குவோம். காலை ஏழு மணிக்கு அவளை மாடியில் நிற்க வைத்து, முதலில் பாதத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு நிழலைச் சுற்றி. மே மாதத் தில்லியில் அந்த நேரத்தில் நிழல் ஆளைப்போல் மூன்று மடங்கு நீளும். மூன்றடிக் குழந்தைக்கு ஒன்பதடி ராட்சசன். மாலை ஐந்து மணிக்கு அதே பாதக் குறிக்குள் நிற்க வைத்தால் ராட்சசன் எதிர்ப்பக்கத்தில் படுத்திருப்பான். விளக்கம் சொல்ல வேண்டாம். "அவன் எப்படி அந்தப் பக்கம் போனான்?" என்று என் மகள் நான்கு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள், மாடிக்குப் போகும் முன்பே எந்தப் பக்கம் இருப்பான் என்று விரலை நீட்டினாள்.

மாவு வேலையில் ஒரே ஒரு நுணுக்கம். மைதாவையும் உப்பையும் கலந்து எண்ணெய் விட்டு, முக்கால் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசையுங்கள். கிளியோ பல்லியோ, அவள் எதைச் செய்தாலும் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். செய்த உடனே உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, மறுநாள் வெடித்துவிடும். முதல் நாள் மின்விசிறியின் கீழ், அடுத்த நாள் திருப்பிப் போட்டு வெயிலில். சென்னை, மும்பை போன்ற கடலோர ஊர்களில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பொம்மையைத் தொளதொளக்க வைக்கும். அங்கே காய்ந்த பிறகு பெயின்ட் பூசிவிட்டால் தாங்கும். இவ்வளவு உப்புள்ள மாவைக் குழந்தை விழுங்கக் கூடாது. ஒரு தடவை நக்கிப் பார்த்தால் அதுவே துப்பிவிடும். வாயில் போட்டுப் போட்டு மெல்லும் வயதென்றால் இந்த வேலையே வேண்டாம்.

எட்டு வயதுக்காரனின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டினால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டிலும் தெரியும். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவக்கும். அலசி வெயிலில் உலர்த்தினால் கறை மெல்ல வெளுத்துப் போகும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவப்பாக மாறும், வெயில் பட்டால் சிதையும். மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் முதல் குணத்தை வைத்துத்தான். இரண்டு குணங்களையும் சேர்த்தால் காமிரா இல்லாமல் படம் எடுக்கலாம். செடிகொடிகளின் சாற்றில் நனைத்த தாளை வெயிலில் வைத்துப் படம் எடுப்பதை 1842-இல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

ஸ்பிரிட்டில் மஞ்சளைக் கரைப்பது பெரியவர்கள் வேலை. எளிதில் தீப்பிடிக்கும் திரவம் அது. அடுப்பில்லாத, காற்றோட்டமான அறையில் செய்யுங்கள். தண்ணீரில் கரைத்தால் போதாதா என்றால், போதாது. தண்ணீரில் மஞ்சள் மிதக்குமே தவிரச் சரியாகக் கரையாது; தாளில் திட்டுத்திட்டாக நிற்கும். ஸ்பிரிட்டில் கால் மணி நேரம் ஊறி வண்டல் இறங்கியதும் துணியில் வடிகட்டுங்கள். வெயில் படாத அறையில் பையன் அதைத் தாளில் பூசட்டும். பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். இன்னொரு தடவை பூச வேண்டும்.

இலையை முந்தின இரவே செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்தி வையுங்கள். இதைச் செய்யாமல் முதல் நாள் பச்சை முருங்கை இலையை அப்படியே வைத்தோம். வெயிலில் இலை வியர்த்து, கண்ணாடிக்குள் நீர் கோத்து, படம் முழுவதும் கறையாகிவிட்டது. அட்டை, அதன்மேல் மஞ்சள் தாள், அதன்மேல் இலை, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி. நாலு பக்கமும் கிளிப். கண்ணாடியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் டேப் ஒட்டிவிடுங்கள். வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை போன்று ஒழுங்காகச் சிற்றிலைகள் கொண்டவை அழகாக விழும்.

காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை நல்ல வெயிலில் இருக்கட்டும். நடுவில் இலையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. மறுபடி அதே இடத்தில் வைக்க முடியாது, விளிம்பு இரட்டையாக விழும். பொறுக்க முடியாத பையனுக்காகத் தாளின் ஒரு மூலையை மட்டும் கறுப்புக் காகிதத்தால் மூடி வையுங்கள். அதை நீக்கிப் பார்த்தால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிழலில் இருந்த இடம் பளிச்சென்ற மஞ்சளாகவும் மற்ற இடம் மங்கிய தந்த நிறமாகவும் இருந்தால் போதும். நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் வித்தியாசம் தெரியாவிட்டால் தாளை அல்ல, மஞ்சளைச் சந்தேகப்படுங்கள். செயற்கைச் சாயம் கலந்ததாக இருக்கலாம். விரலி மஞ்சளை வாங்கி அரைத்த தூளில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசிக் கட்டம்தான் வேடிக்கை. ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்துத் தாள்மேல் பிரஷால் தடவினால், மஞ்சள் இலை கண் முன்னால் செம்பழுப்பாக மாறும். என் பையன் "ரத்தம், ரத்தம்" என்று கத்தினான். படம் நிரந்தரமல்ல. சுவரில் மாட்டினால் மழைக்காலத்துக்குள் காணாமல் போகும். புத்தகத்துக்குள் வைத்தால் நெடுநாள் இருக்கும். கோணலாக வந்தாலும் அம்மா கை வைத்துத் திருத்தக் கூடாது என்பது என் வீட்டு விதி.

இனிப் பெரியவன். அவனிடம் குச்சியைக் கொடுத்து, "நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் எது?" என்று கேட்டேன். "பன்னிரண்டு மணி" என்றான், இதென்ன கேள்வி என்பதுபோல். சரி, பார் என்றேன்.

பாட்டிலில் மணல் நிரப்பிக் குச்சியைச் செருகி, தரையிலிருந்து குச்சியின் நுனிவரை சரியாக 100 சென்டிமீட்டர் இருக்கும்படி வைக்க வேண்டும். பூந்தொட்டியில் நட்டால் வசதியாக இருக்கும், ஆனால் மே மாத நடுப்பகல் நிழல் மிகச் சிறியது. தொட்டிக்குள்ளேயே விழுந்து மறைந்துவிடும். நிழலைப் பாட்டிலின் விளிம்பிலிருந்து அளந்து, பாட்டில் அகலத்தில் பாதியைக் கூட்டிக்கொண்டால் குச்சியின் அடியிலிருந்து அளந்ததாகிவிடும். பதினொன்றே முக்கால் முதல் பன்னிரண்டே முக்கால்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். குறித்ததும் உள்ளே ஓடி வந்துவிட வேண்டும். செருப்பு, தொப்பி, வரும்போதெல்லாம் ஒரு வாய்த் தண்ணீர். வெறுங்காலுடன் அந்தத் தரையில் நின்றால் கொப்புளம்தான். சூரியனை ஏறிட்டுப் பார்க்கவே கூடாது. பார்க்க வேண்டியதும் இல்லை, வேலையெல்லாம் தரையில்.

மே 20 அன்று நிழல் மிகக் குறுகிய நேரம் 12.18. நம் நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அதற்கு மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் சூரியன் நான்கு நிமிடம் தாமதம். தவிர, ஆண்டு முழுவதும் சூரியன் கடிகாரத்துக்குச் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் வரும். மே 20-இல் மூன்றரை நிமிடம் முந்தும். அதே நாளில் சென்னையில் உச்சிநேரம் 12.05, மும்பையில் 12.35, கொல்கத்தாவில் 11.33. கொல்கத்தாவில் பதினொன்றரைக்கே பசிக்கிறது என்று சொல்லும் சித்தப்பாவைக் கேலி செய்வதை என் மகன் நிறுத்திவிட்டான்.

மிகக் குறுகிய நிழல் வடக்கு தெற்காகத்தான் கிடக்கும். கோல் நட்டு, நடுப்பகல் நிழலைப் பார்த்துத் திசை குறித்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தி நெடுநல்வாடையில் வருகிறது. சிற்பிகள் அந்தக் கோலைச் சங்கு என்பார்கள். காந்த ஊசி இல்லாமல் வீட்டில் திசை குறிக்க இன்றும் இதுவே எளிய வழி.

அன்று மாலை பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் போனில் பேசினான். அவளுக்கும் பன்னிரண்டு வயது. அவளும் அங்கே குச்சி நட்டிருந்தாள். எங்கள் மாடியில் நிழல் 15.2 சென்டிமீட்டர், வடக்குப் பக்கம். அவள் மாடியில் 14.8, தெற்குப் பக்கம். ஒரே சூரியன், எதிர் எதிர் நிழல். தவறாக அளந்தாள் என்றுதான் இவன் முதலில் நினைத்தான். தவறில்லை. மே 20-இல் சூரியன் ஏறத்தாழ 20 பாகை வடக்கு அட்சரேகைக்கு நேர்மேலே நிற்கிறது. பெங்களூர் 13 பாகையில் இருப்பதால் அவளுக்கு உச்சிச் சூரியன் வடக்கே; 28.6 பாகையில் இருக்கும் எங்களுக்குத் தெற்கே. பெங்களூருக்கும் சென்னைக்கும் ஏப்ரல் 24, 25 தேதிகளில், மும்பைக்கு மே 15-ஐ ஒட்டி, கொல்கத்தாவுக்கு ஜூன் 5-ஐ ஒட்டி உச்சிநேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் தில்லிக்கு அந்த நாள் எப்போதும் வராது.

இந்த இரண்டு நிழல்களும் போதும், பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்க. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்ததும் இதையே. பெங்களூரும் தில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பது நம் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

கணக்கு இதுதான். 100 சென்டிமீட்டர் குச்சிக்கு, நிழல் 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.57 பாகை. நிழல்கள் எதிரெதிர்ப் பக்கம் என்பதால் கூட்ட வேண்டும். ஒரே பக்கம் விழுந்தால் கழிக்க வேண்டும். 15.2-உம் 14.8-உம் சேர்ந்து 30. அதை 0.57-ஆல் பெருக்கினால் 17.1 பாகை. இரு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம், அட்லஸில் அளந்தால், சுமார் 1,740 கிலோமீட்டர். 17.1 பாகைக்கு 1,740 என்றால் முழு வட்டமான 360 பாகைக்கு எவ்வளவு? 36,600 வந்தது. புத்தகத்தில் 40,000 என்று இருக்கிறது. ரயில் தூரத்தைப் போட்டிருப்பானோ என்று பார்த்தேன். அதைப் போட்டிருந்தால் 2,300-க்கு மேல் வைத்துக் கணக்கு வேறு பக்கம் ஓடியிருக்கும். அட்லஸ் அளவு சரிதான்.

"குச்சி நேராக நின்றதா?" என்று அண்ணன் மகளைக் கேட்டேன்.

"மூலைமட்டம் வச்சுப் பார்த்துத்தான் நிறுத்தினேன் அத்தை. தரைக்கு நேர் செங்குத்து."

அதுதான் கோளாறு. மொட்டை மாடித் தரை மட்டமாக இருப்பதில்லை. மழைநீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். அவர்கள் வீட்டில் தெற்கு மூலையில் குழாய். ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. தரைக்குச் செங்குத்தாக நின்ற குச்சி உண்மையில் அதே இரண்டரை சென்டிமீட்டர் தெற்கே சாய்ந்திருந்தது. நிழலும் அவ்வளவு நீண்டுவிட்டது.

மறுநாள் நட்டை நூலில் கட்டிக் குச்சியின் நுனியிலிருந்து தொங்கவிட்டாள். கொத்தனாரின் தூக்குக்குண்டுதான். காகிதத்தை மடித்துப் பாட்டிலின் கீழே சொருகி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குச்சியும் நூலும் ஒட்டினாற்போல் நிற்கச் செய்தாள். இன்னொன்றும் கவனித்தாள். நிழலின் நுனி கத்தியால் வெட்டியதுபோல் இல்லை. கருநிழல் முடிந்த பிறகு ஒரு சென்டிமீட்டர் தூரம் மங்கல். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு என்பதால் வருவது அது. கருமை முடியும் இடத்தையும் மங்கல் முடியும் இடத்தையும் குறித்து நடுவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்தத் தடவை அவளுக்கு 12.1 சென்டிமீட்டர், சூரியன் ஒரு நாளில் சற்றே வடக்கே போயிருந்ததால் நூல்படி 12.5 வர வேண்டும். எங்களுக்கு 15.0. கூட்டினால் 27.1, பாகையில் 15.4. பெருக்கி வகுத்தால் 40,700 கிலோமீட்டர். அரை சென்டிமீட்டர் அளவுப் பிழைக்கே விடை 700 கிலோமீட்டர் ஆடும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுக் கண்டார்கள். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் ஐந்து நாள் அளந்து, ஐந்து விடைகளின் சராசரியை எடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நாளில் அளப்பது முக்கியம். ஒருவர் சனிக்கிழமை, மற்றவர் புதன்கிழமை என்றால் சூரியன் இடம் மாறிவிடும். மேகமூட்டம் வந்தால் அன்று விடுமுறை. ஜூன் தொடக்கத்தில் பருவமழை வரும் கேரளத்திலும் மேற்குக் கரையிலும் இருப்பவர்கள் மே மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

உங்கள் உறவினர் வீடு தெற்கு வடக்காக இல்லாமல் கிழக்கு மேற்காக இருந்தால், உதாரணமாக மும்பையும் கொல்கத்தாவும் என்றால், இந்தக் கணக்கு உதவாது. அங்கே நிழலின் நீளத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சிநேரத்தில் 62 நிமிட வித்தியாசம் வரும். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், 62-ஐ நான்கால் வகுத்தால் 15½ பாகை. அட்லஸில் இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளையும் எடுத்துக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.